‘எண்ணினார்’ என்பதா, ‘எண்ணுகிறார்’ என்பதா?
(நம் குடியிருப்பு வாசகர் வட்டத்தின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இலக்கணம் பேச பி.காம். படித்தவனுக்கு என்ன தகுதி என்று சிலர் நினைக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் பேங்கில் கணக்கு எழுதியவன் நான். இந்த மலருக்காக ஒரு கதை எழுத உட்கார்ந்தபோது, கதை தொடங்குவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்து வழியை மறித்தது. அதைப் பற்றித்தான் பேச்சு.

கதை சின்னது. ஒரு பேங்க் கிளை, மாலை நேரம். கேஷியர் பணத்தை எண்ணுகிறார், நூறு ரூபாய்க் கட்டு ஒன்று குறைகிறது. ஒரு கட்டில் நூறு நோட்டு, ஆகப் பத்தாயிரம் ரூபாய். நான் சொல்கிற காலத்தில் அது கேஷியரின் பல மாதச் சம்பளம். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, ஒன்று கேஷியரிடம், இன்னொன்று அதிகாரியிடம். இருவரும் சேர்ந்துதான் பூட்ட முடியும், கணக்கு சரியாகாமல் பூட்டவும் முடியாது. படிக்கிறவருக்கு உள்ளங்கை வியர்க்க வேண்டும். அதற்கு ‘எண்ணினார்’ நல்லதா, ‘எண்ணுகிறார்’ நல்லதா?

நிகழ்காலத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு. ‘நான்’ என்று தொடங்கி இறந்தகாலத்தில் சொன்னால், சொல்கிறவன் பிழைத்துவிட்டான் என்று வாசகருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பென்ஷன் வாங்குகிறவன் சொல்கிற கதையில் வேலை போயிருக்காது என்று நம் ஏ பிளாக் ஆச்சிகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ‘எண்ணுகிறேன்’ என்று எழுதினால் அந்தப் பென்ஷன் புத்தகம் மறைந்துவிடுகிறது. சொல்கிறவனுக்கும் அடுத்த நிமிஷம் தெரியாது. ஹிலாரி மான்டல் 2009இல் புக்கர் பரிசு வாங்கிய ‘உல்ஃப் ஹால்’ நாவலை நிகழ்காலத்தில் எழுதியதில் இந்த லாபம் இருக்கிறது. அதன் நாயகர் தாமஸ் கிராம்வெல்லின் தலையை 1540இல் வெட்டினார்கள் என்பது இங்கிலாந்தில் பள்ளிப் பாடம். வாசகருக்குத் தெரிந்த முடிவு கிராம்வெல்லுக்கு மட்டும் தெரியாது, அவர் பாட்டுக்கு அன்றைய நாளில் நடக்கிறார்.

சரி, நாமும் அப்படியே எழுதலாமே என்று நாலு வரி எழுதினேன்.

‘கேஷியர் கட்டுகளை மறுபடி எண்ணுகிறார். ஒன்பதுதான் இருக்கிறது. மேஜைக்கு அடியில் குனிகிறார். மானேஜர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.’

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கிறார், கிறது, கிறார், கிறார். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கிறது. நிகழ்காலத்துக்கு ‘கிறு’, ‘கின்று’ என்று ஏறக்குறைய ஒரே அச்சுதான். நாலு வரியில் நாலு தடவை அதே தாளம். பத்தாவது வரியில் பதற்றம் போய்த் தாலாட்டு வந்துவிடுகிறது. அதோடு ‘ராமசாமி உள்ளே வருகிறார்’ என்கிற நாடகக் குறிப்பு வாசனையும் சேர்ந்துகொள்கிறது.

அதையே இறந்தகாலத்தில் பாருங்கள்.

‘கேஷியர் கட்டுகளை மறுபடி எண்ணினார். ஒன்பதுதான் இருந்தது. மேஜைக்கு அடியில் குனிந்தார். மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.’

எண்ணினார், இருந்தது, குனிந்தார், பார்த்தார். நின்றார், கேட்டார் என்று போனால் இன்னும் மாறும். தமிழின் இறந்தகாலத்துக்குப் பல அச்சுகள் இருப்பதால் காது சலிப்பதில்லை. சொல்லும் குட்டையாகிறது. ஆங்கிலத்தில் கதை எழுதச் சொல்லித்தருகிறவர்கள் வேகத்துக்கு நிகழ்காலம் என்பார்கள். தமிழுக்கு அது அப்படியே பொருந்தாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தொல்காப்பியர் வினையியலில், அவசரம் என்றால் நடக்கப்போவதையும் நடந்துகொண்டிருப்பதையும்கூட இறந்தகாலத்தில் சொல்லலாம் என்கிறார். வெளியே நண்பர்கள் காத்திருக்க, சாப்பிட்டு முடிக்காதவன் உள்ளேயிருந்து ‘வந்தேன்’ என்பானே, அதுதான். நம் வீட்டிலும் லிஃப்டைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டால் ‘இதோ வந்துட்டேன்’ என்கிற குரல் வருகிறது, ஆள் வரப் பத்து நிமிஷம் ஆகிறது. வழுக்கினால் ‘செத்தேன்’ என்கிறோம். நம் மொழியில் அவசரத்தின் காலம் இறந்தகாலம்தான்.

அப்படியானால் நிகழ்காலத்தை விட்டுவிடுவதா என்றால், அதுவும் இல்லை. ஊர்க்கதை சொல்கிறவர்களைக் கவனியுங்கள். ‘பூட்டைத் திறந்தேன், முகப்பைத் தாண்டி வளவுக்குப் போனேன். பார்த்தா, பட்டாலையில் ஒருத்தன் படுத்திருக்கான்!’ திறந்தேன், போனேன் எல்லாம் இறந்தகாலம். கண்ணில் பட்ட அந்த இடத்தில் மட்டும் காலம் மாறுகிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றால் காலம் பிறழலாம் என்று நன்னூலும் அனுமதி தருகிறது. ஆனால் ‘பார்த்தா’ மாதிரி ஒரு நிலைப்படி வேண்டும், ஓரிரு வரியில் திரும்பியும் வந்துவிட வேண்டும். இரண்டு பக்கத்துக்கு நாலு தடவை மாற்றினால், எது இப்போது எது அப்போது என்று வாசகர் தடுமாறி, எழுதியவர் கவனக்குறைவு என்று முடிவுகட்டிவிடுவார்.

நிகழ்காலத்திலேயே முழுக்கதையும் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. காலமே காட்டாத வாக்கியங்களை நடுவில் போடுங்கள். ‘ஒன்பதே கட்டு. பத்தாவது இல்லை. மேஜைக்கு அடியில் தூசி. மணி ஆறரை.’ இவற்றில் கிறாரும் இல்லை, தாரும் இல்லை. ‘கிடைக்கவில்லை’ என்பதும் இரண்டு காலத்துக்கும் பொதுவான சொல். இவை தாளத்தை உடைக்கும். இன்னொரு இடத்தில் நிகழ்காலத்துக்கு உண்மையிலேயே லாபம். பழைய கதைக்குப் போக வேண்டுமென்றால் அங்கே சாதாரண ‘வந்தார், போனார்’ போதும். இறந்தகாலக் கதைக்குள் பழைய கதை வந்தால் ‘வந்திருந்தார், கொடுத்திருந்தார், சொல்லியிருந்தார்’ என்று இழுத்துக்கொண்டே போகும். முதல் ஒன்றிரண்டு வரிக்கு அப்படி எழுதி, பிறகு சாதாரண இறந்தகாலத்துக்கு வந்துவிட்டால் வாசகர் பின்தொடர்வார்.

முடிவு தெரிந்தால் பதற்றம் போய்விடாதா என்று சி பிளாக் தம்பி போன வாரம் கேட்டார். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ படித்துப் பாருங்கள். அவள் உயிர் போவதில்தான் கதை தொடங்குகிறது. அதன் பிறகும் பிரமநாயகம் பிள்ளையோடு அந்த வீட்டில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். என்ன ஆகும் என்பது போய், எப்படி ஆனது என்பது வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘அந்தக் கட்டு ஸ்டூலுக்கு அடியில் கிடந்தது அப்போது யாருக்கும் தெரியாது’ என்று ஒரு வரி எழுதினால், ஒவ்வொரு தடவை கேஷியர் ஸ்டூலைத் தாண்டும்போதும் வாசகர் தவிப்பார். நிமிஷத்துக்கு நிமிஷம் மட்டுமே தெரிந்த நிகழ்காலக் கேஷியரால் இந்த வரியைச் சொல்ல முடியாது.

என் கதைக்கு இறந்தகாலத்தையே எடுத்துக்கொண்டேன். பென்ஷன் தொல்லைக்காக ‘நான்’ போய் ‘கேஷியர்’ வந்துவிட்டார். அதற்கு விலை உண்டு, என் வயிற்றுக்குள் புரண்டதை அவர் வயிற்றுக்குள் அவ்வளவு நெருக்கமாக வைக்க முடியவில்லை. பெட்டகத்தை மறுபடி திறக்கிற ஒரே இடத்தில் மட்டும் ‘பார்த்தால்’ என்று போட்டு மூன்று வரி நிகழ்காலம். கேஷியரின் மகள் கல்யாணத்தைச் சொல்லுமிடத்தில் இரண்டு ‘இருந்தார்’ இன்னும் உறுத்துகின்றன. கதை அடுத்த இதழில் வருகிறது, படித்துவிட்டுச் சொல்லுங்கள்.