திரை பேசட்டும், நாமும் பேசலாம்

(செங்கல்பட்டு மாவட்ட ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ஸ்லைடுகளுக்கு ஏற்பப் பேச்சை அமைத்துக்கொள்வது. இதைப் பொதுவாகப் பேசினால் இந்த அறையை விட்டுப் போவதற்குள் மறந்துவிடும். அதனால் நம் மாவட்டத்துப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். மாமல்லபுரத்தில் ‘அருச்சுனன் தவம்’ என்று நாம் சொல்லும் பெரிய பாறைச் சிற்பம். சமூக அறிவியல் ஆசிரியர், தமிழாசிரியர், ஓவிய ஆசிரியர் என்று எல்லோரும் எப்போதாவது தொடும் பொருள் இது. நம் பள்ளிகளில் பலவும் ஆண்டுக்கொரு முறையாவது பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகின்றன.

இந்தப் பாடத்துக்கு வழக்கமாகத் தயாராகும் ஸ்லைடு ஒன்றைச் சொல்கிறேன். மேலே தலைப்பு. அதன் கீழே ஏழு வரிகள்: மாமல்லபுரத்தில் உள்ள திறந்தவெளிச் சிற்பம், பல்லவர் காலம், கி.பி. 7ஆம் நூற்றாண்டு, உயரம் சுமார் 13 மீட்டர், நீளம் ஏறத்தாழ 30 மீட்டர், நடுவில் இயற்கையான பிளவு, அருச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் இருவகையாகக் கூறுவர், யானைகள், முனிவர்கள், நாகர்கள், பூனை, எலிகள் செதுக்கப்பட்டுள்ளன. வலது மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு படம். தகவலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஸ்லைடைப் போட்டதும் ஆசிரியர் திரைப்பக்கம் திரும்பி ஏழு வரியையும் வாசிப்பார். வேறு எதுவும் செய்ய அந்த ஸ்லைடு அவரை விடாது. பிள்ளைகளும் நோட்டைத் திறந்து ஏழு வரியையும் எழுதிக்கொள்வார்கள். அடுத்த மாதம் அதே பாறையின் முன் நிறுத்தி, “பூனை எங்கே?” என்று கேட்டால் தேடுவார்கள். பூனை என்ற சொல்லை எழுதியிருக்கிறார்கள், பூனையைப் பார்த்ததில்லை.

ஏன் இப்படி ஆகிறது? நாம் வாய்விட்டு வாசிப்பதைவிட, எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை மனத்துக்குள் வேகமாக வாசித்துவிடும். நாம் இரண்டாம் வரியில் இருக்கும்போது அது ஐந்தாம் வரியில் இருக்கும். காதில் விழுவது ஒன்று, கண்ணில் படுவது இன்னொன்று. இரண்டும் சொற்கள்தான் என்பதால் ஒன்றோடொன்று மோதுகின்றன. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு மேயரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். மின்னல் எப்படி உண்டாகிறது என்பதை அசையும் படத்தோடு குரலில் விளக்கினார்கள். ஒரு குழுவுக்குப் படமும் குரலும் மட்டும். இன்னொரு குழுவுக்குப் படம், குரல், அதோடு அதே சொற்கள் திரையின் கீழே எழுத்திலும். எழுத்தும் சேர்ந்து கிடைத்த குழுதான், கற்றதைப் புதிய கேள்விக்குப் பயன்படுத்துவதில் பின்தங்கியது. கண் எழுத்தைப் பார்க்கப் போனதால் படத்தைப் பார்க்க நேரமில்லை. கூடுதலாகக் கொடுத்தது கூடுதலாகச் சேரவில்லை.

என் பார்வையில் கோளாறு வாசிப்பவரிடம் இல்லை. அந்த ஒரு ஸ்லைடுக்கு மூன்று வேலை கொடுத்திருக்கிறோம். அது பிள்ளைகள் பார்க்க வேண்டிய திரை. ஆசிரியருக்கு ஞாபகக் குறிப்பு. பிறகு எழுதிக்கொள்ள வேண்டிய நோட்ஸ். மூன்றையும் பிரித்துவிட்டால், வாசிக்காதீர்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. வாசிக்கத் திரையில் எதுவும் இருக்காது.

பிரிக்கும் முறை இது. கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளை நடுவில் கோடிட்டுக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ‘பேச்சு’, இடப்பக்கம் ‘திரை’. முதலில் வலப்பக்கத்தை மட்டும் எழுத வேண்டும், வகுப்பில் வாயால் சொல்லும் நடையிலேயே. எழுதி முடித்தபின் ஒவ்வொரு வாக்கியமாக நின்று, “இதைச் சொல்லும்போது பிள்ளையின் கண் எதன்மேல் இருக்க வேண்டும்?” என்று கேளுங்கள். அதற்கான பதில்தான் இடப்பக்கத்துக்குப் போகும். சில வாக்கியங்களுக்குப் பதிலே இராது. கண் நம் முகத்தில் இருந்தால் போதும். அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

நம் ஏழு வரி ஸ்லைடை இப்படிப் பிரித்தால் நான்கு ஸ்லைடு வருகிறது.

முதல் ஸ்லைடு, பாறை முழுவதும் தெரியும் ஒரே படம், திரை நிறைய. எழுத்து இல்லை. படத்துக்கு எங்கும் போக வேண்டாம். பாறை கிழக்கு நோக்கி இருப்பதால் காலை வெயிலில் உங்கள் கைபேசியிலேயே நன்றாக விழும். பேச்சுப் பக்கத்தில் முதல் குறிப்பு, “பத்து விநாடி பேசாதே” என்பது. பிறகு, “முதலில் எது கண்ணில் பட்டது?” பெரும்பாலும் யானை என்பார்கள். அதற்குப் பிறகுதான் “இந்தப் பாறை ஏறக்குறைய நாலு மாடிக் கட்டடம் உயரம்” என்பது. 13 மீட்டர் என்ற எண்ணைத் திரையில் போட்டால் வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். மாடிக் கணக்கில் வாயால் சொன்னால் படத்தை இன்னொரு முறை பார்ப்பார்கள்.

இரண்டாவது, நடுப்பிளவும் அதில் மேலேறி வருவதுபோல் இருக்கும் நாகர்களும். பேச்சு: “பாறையில் இயற்கையாக இருந்த வெடிப்பைச் சிற்பி மூடி மறைக்கவில்லை. மேலே தொட்டி கட்டி, இந்த வழியாகத் தண்ணீரை விட்டிருக்கிறார்கள். தண்ணீர் விழும்போது இந்த நாகர்கள் எப்படித் தெரிந்திருப்பார்கள்?”

மூன்றாவது, பிளவுக்கு இடப்புறம் மேலே, ஒற்றைக் காலில் கைகளை உயர்த்தி நிற்கும் எலும்பும் தோலுமான தவசி; அருகே நான்கு கைகளுடன் சிவன். இங்கேதான் முதல்முறையாகத் திரையில் எழுத்து வருகிறது: ‘அருச்சுனனா? பகீரதனா?’ இரண்டே சொல். பாசுபதம் வேண்டித் தவம் இருந்தவன் ஒருவன், கங்கையைக் கொண்டுவரத் தவம் இருந்தவன் இன்னொருவன் என்ற கதைகள் முழுவதும் பேச்சில். முந்தைய ஸ்லைடில் தண்ணீரைப் பார்த்திருப்பதால் பகீரதன் கட்சிக்கு ஆள் சேரும். சிவன் வரம் தருவதைக் கொண்டு மற்றவர்கள் அருச்சுனனுக்குப் பேசுவார்கள். பேசட்டும்.

நான்காவது பூனை. யானைகளின் பக்கத்தில், அந்தத் தவசியைப் போலவே முன்கால்களைத் தூக்கி நிற்கிறது, சுற்றிலும் எலிகள். இங்கே ஒரு சின்ன நுட்பம். படத்தை முதலில் போட்டுவிட்டு விளக்கினால் சிரிப்பு போய்விடும். “அந்தத் தவசியைப் பார்த்து இன்னொருத்தரும் தவம் பண்றார்” என்று சொல்லி ஒரு மூச்சு விட்டபின் விசையை அழுத்த வேண்டும். முதல் ஸ்லைடில் படம் முந்தியது, பேச்சு பின்னால் வந்தது. இங்கே பேச்சு முந்துகிறது. ஒவ்வொன்றிலும் எது முந்த வேண்டும் என்று பேச்சுத்தாளிலேயே, விசையை அழுத்தும் சொல்லுக்குப் பக்கத்தில், ஒரு முக்கோணம் போட்டுவையுங்கள். பேச்சும் திரையும் பொருந்துவது அந்த முக்கோணத்தில்தான்.

பல்லவர், 7ஆம் நூற்றாண்டு, அளவுகள்? அவை நோட்டுக்குப் போக வேண்டியவை. கடைசியில் கரும்பலகையில் நான்கு வரி எழுதிப்போடுங்கள், அல்லது தாளாகக் கொடுங்கள்.

அடுத்து ஆசிரியரின் ஞாபகக் குறிப்பு. ஸ்லைடின் கீழே `Notes` என்ற பகுதி இருக்கிறது. கணினியோடு புரொஜெக்டரை இணைத்து, விண்டோஸ் விசையும் `P`யும் சேர்த்து அழுத்தி `Extend` என்பதைத் தேர்ந்தெடுத்தால், பிள்ளைகளுக்குப் படம் மட்டும் தெரியும். நம் கணினியில் `Presenter View` வழியாகப் படம், குறிப்பு, அடுத்த ஸ்லைடு மூன்றும் தெரியும். `Duplicate` என்று இருந்தால் இது நடக்காது. இம்ப்ரெஸ் பயன்படுத்துவோருக்கும் இதே வசதி உண்டு.

ஆனால் எச்சரிக்கை ஒன்று. பேச்சுத்தாளை அப்படியே `Notes` பகுதியில் ஒட்டிவிட்டால், திரையை வாசித்தவர் இப்போது மடிக்கணினியை வாசிப்பார். முதுகுக்குப் பதில் உச்சந்தலை தெரியும், அவ்வளவுதான் முன்னேற்றம். எனவே முழுப் பேச்சை வீட்டில் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபின், ஸ்லைடுக்கு நாலைந்து சொல்லாகச் சுருக்குங்கள். பூனைக்கு என் குறிப்பு: “இன்னொருத்தர் – மூச்சு – ▲ – எலிகளை எண்ணு.” முதல் வாக்கியத்தையும், தவறவிடக் கூடாத எண்களையும் மட்டும் முழுதாக வைத்துக்கொள்ளலாம்.

நம் பள்ளிகளில் பல இடங்களில் இருப்பது ஒரே திரை. பலகையைத் தொட்டுத்தான் நகர்த்த வேண்டும், தனியாகக் கணினித் திரை கிடையாது. அங்கே `Presenter View` உதவாது. தபால் அட்டை அளவில் நான்கு அட்டை வெட்டி, ஸ்லைடு எண் போட்டு, குறிப்பை எழுதிக் கையில் வைத்துக்கொண்டால் போதும். மின்சாரம் போனாலும் அட்டை கையில் இருக்கும்.

பொருத்தம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நான் செய்வது இரண்டு. ஒன்று, பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் ஸ்லைடுகளை மட்டும் காட்டுவது. அவருக்குப் பாடம் முழுவதும் புரிந்துவிட்டால் திரையில் எழுத்து மிஞ்சிவிட்டது என்று பொருள். இரண்டு, ஸ்லைடு ஓடும்போது நடுவில் `B` விசையை அழுத்துவது. திரை கறுப்பாகும். அங்கிருந்து அந்தப் பகுதியை முடிக்க முடிந்தால் பேச்சு நம்மிடம் இருக்கிறது. முடியாமல் நின்றுவிட்டால் அது இன்னும் திரையில்தான் இருக்கிறது. வகுப்பிலும் இந்த விசை பயன்படும். அருச்சுனனா பகீரதனா என்ற விவாதம் சூடுபிடிக்கும்போது திரையைக் கறுப்பாக்கினால் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவார்கள்.

இவ்வளவும் சொன்னபின், திரையில் உள்ளதை அப்படியே வாசிக்க வேண்டிய இடங்களையும் சொல்லியாக வேண்டும். செய்யுள், வரையறை, சோதனையில் எச்சரிக்கை வாசகம், வினா ஆகியவற்றில் சொல்லே பாடம். அங்கே ஒரு சொல்லும் மாறக் கூடாது. விரல் வைத்து வாசிக்கலாம். ஆங்கிலப் பாடத்தில், காதால் மட்டும் கேட்டுப் பிடிக்க முடியாத பிள்ளைக்கு எழுத்து துணை. செவித்திறன் குறைந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் பேச்சின் சாரம் திரையிலோ கையில் ஒரு தாளிலோ இருந்தே ஆக வேண்டும். ஒன்று முதல் மூன்று வகுப்பு ஆசிரியர்கள் இன்று நான் சொன்னதைப் பாதியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே எழுத்தைக் காட்டி உரக்கச் சேர்ந்து வாசிப்பதுதான் வேலையே. அவர்களின் பூனை ஸ்லைடில் ‘பூனை’ என்ற சொல் பெரிதாக இருக்கட்டும். படம் முதலில், சொல் அடுத்த அழுத்தலில்.

தேநீர் இடைவேளைக்குப் பின் எல்லோரும் ஆளுக்கொரு பழைய ஸ்லைடை எடுங்கள், தாளில் கோடு போடுவோம். நான்கு ஐந்து பேராக உட்கார்ந்தால் போதும்.