பேச ஆள் இல்லாமலே பேசும் பிபிடி

(எம்.கே.பி. நகரில் குடியிருப்போர் நலச்சங்கத்தினர், மகளிர் சுயஉதவிக் குழுவினர், தன்னார்வலர்கள் கலந்துகொண்ட பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு கூட்டத்துக்காக 14 பக்க பிபிடி ஒண்ணு செஞ்சேன். கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே மெயில்ல அனுப்பணும், வர்றவங்க படிச்சிட்டு வரணும்னு ஏற்பாடு. படம், வண்ணம், அம்புக்குறி எல்லாம் அழகா வச்சிருந்தேன். மறுநாள் ஒரு பெரியவர் போன் பண்ணார். "தம்பி, அஞ்சாவது பக்கத்துல 'நிலை – 60%'னு போட்டிருக்கே, எதுல 60? நல்லதா கெட்டதா?"ன்னு கேட்டார். நான் விளக்கினேன். அப்புறம் ஏழாவது பக்கம், ஒன்பதாவது பக்கம்... அரை மணி நேரம் போனது. அனுப்பினது 40 பேருக்கு. போன் பண்ணவர் ஒருத்தர். மீதி 39 பேர் என்ன புரிஞ்சுகிட்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

நான் செஞ்ச தப்பு இதுதான்: நின்று பேசும்போது பின்னால் திரையில் ஓட வேண்டிய பிபிடியை, படிக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். ரெண்டும் வேற வேற பொருள். மேடைக்கான பிபிடியில் பாதி விஷயம் பேசுபவரின் வாயில் இருக்கும். "இதைப் பாருங்க", "இங்கதான் பிரச்சினை" என்று அவர் விரல் காட்டுவார். மெயிலில் அந்த விரல் போகாது.

இது சின்ன விஷயம் இல்லை என்பதற்கு, நமக்கெல்லாம் தெரிந்த ஒரு சோகம் இருக்கிறது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் தரைக்குத் திரும்பும்போது சிதறி, கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் இறந்தார்கள். ஜனவரி 16-ல் கிளம்பியபோதே, எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதியிருந்தது. விண்கலம் மேலே இருக்கும்போதே பொறியாளர்கள் அதை ஆராய்ந்து, பிபிடியாகத்தான் நாசாவுக்குத் தெரிவித்தார்கள். அதில் ஒரு பக்கத்தின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் பயப்பட வேண்டியதில்லை என்று தோன்றும்படி இருந்தது. அதே பக்கத்தின் கடைசி வரியில், சிறிய எழுத்தில் ஒரு கணக்கு: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இதில் மோதிய துண்டு 1,920 கன அங்குலம் என்று கணித்திருந்தார்கள். 640 மடங்கு! அதாவது, அந்தச் சோதனையை வைத்து இந்த மோதலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தின் உண்மையான செய்தியே அதுதான். ஆனால் அது தலைப்பில் இல்லை, அடியில் கிடந்தது. விபத்து விசாரணைக் குழு அதே ஆண்டு ஆகஸ்டில் தந்த அறிக்கையில், எட்வர்ட் டஃப்டி என்ற பேராசிரியரின் அலசலை எடுத்துக்காட்டி, இந்தப் பக்கத்தைப் படிக்கிற ஒரு மூத்த அதிகாரிக்கு இது உயிர் போகிற விஷயம் என்றே தோன்றாமல் போயிருக்கலாம் என்று சொன்னது. விபத்துக்கு அந்த ஒரு பக்கம் மட்டும் காரணம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். உங்கள் சங்கம், பகுதி சபா கூட்டத்துக்கு முன்னால் மழைநீர் வடிகால் பற்றி எல்லா வீட்டுக்கும் ஒரு பிபிடி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நான் சொல்லப்போகும் தெரு, தேதி எல்லாம் உதாரணத்துக்கு மட்டும்தான்.

முதல் பக்கத்தில் வழக்கமாக என்ன இருக்கும்? சங்கத்தின் பெயர், சின்னம், "மழைநீர் வடிகால் பணிகள் – ஒரு பார்வை". படிக்கிறவர் மனசில் ஓடும் கேள்வி, "இதை ஏன் எனக்கு அனுப்பினாங்க?" அதற்கு அந்தப் பக்கத்தில் பதில் இல்லை. இப்படி மாற்றிப் பாருங்கள்: "நம் தெருவில் பிப்ரவரி 10 முதல் 3 வாரம் பள்ளம் தோண்டுவார்கள். வண்டிகளை எந்த வழியில் விடுவது என்று ஞாயிறு கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். படிக்க 5 நிமிடம் ஆகும்." என்ன நடக்கிறது, நான் என்ன செய்யணும், எவ்வளவு நேரம் ஆகும் என்று மூன்றும் வந்துவிட்டன. முதல் பக்கத்தோடு மூடிவிடுபவரும் கூட்டத்துக்குத் தயாராகத்தான் வருவார்.

அடுத்து தலைப்புகள். "தற்போதைய நிலை", "சவால்கள்" மாதிரி தலைப்புகள் பெட்டி மேல் ஒட்டிய லேபிள் மாதிரி. உள்ளே என்ன இருக்குன்னு சொல்லாது. தலைப்பு ஒரு முழு வாக்கியமாக, வினைச்சொல்லோடு முடியட்டும். "வடிகாலின் கடைசி பகுதி இன்னும் கால்வாயோடு இணையவில்லை." இப்படி எழுதினால் கீழே வைக்கும் படமும் கணக்கும் அந்த வாக்கியத்துக்குச் சாட்சியாக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் படம் தேவையில்லாதது, அல்லது வாக்கியம் தப்பு. எழுதி முடித்ததும் தலைப்புகளை மட்டும் வரிசையாக வாசித்துப் பாருங்கள். கதை புரிந்தால் போதும்.

'கால்வாய்' என்று சொன்னேன் இல்லையா, அதிலேயே ஒரு சிக்கல் இருக்கு. இந்தப் பக்கம் கால்வாய் என்றால் கேப்டன் காட்டன் கால்வாயா, பக்கிங்ஹாம் கால்வாயா? கூட்டத்தில் கை நீட்டிக் காட்டிவிடுவோம். மெயிலில் முழுப் பெயர் எழுதணும், ஒவ்வொரு பக்கத்திலும் எழுதணும். "மேலே சொன்னபடி" என்று போடாதீர்கள். போனில் மேலே போய்த் தேட யாருக்கும் பொறுமை இல்லை. வரைபடத்திலும் அப்படித்தான். வடக்குத் திசை அம்பு மட்டும் போதாது. ரேஷன் கடை, பஸ் ஸ்டாப், கோயில் என்று மக்கள் வழி சொல்லும் அடையாளங்களை அதிலேயே எழுதுங்கள்.

எண்கள்தான் ரொம்ப ஏமாற்றும். வடசென்னையை உள்ளடக்கிய கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டத்துக்கு 2021 டிசம்பரில் ஆசிய வளர்ச்சி வங்கி 251 மில்லியன் டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. அதில் புதிதாக 588 கிலோமீட்டர் வடிகால். செய்திக்கு இது நல்ல எண். ஆனால் திருவொற்றியூரில் ஒரு தெருவில் இருக்கிறவருக்கு, "அந்த 588-ல் என் தெரு இருக்கா?" என்பதுதான் கேள்வி. எனவே பெரிய எண்ணை ஒரு வரியில் சொல்லிவிட்டு, வாசகரின் தெரு அளவுக்கு இறங்கி வரணும். மழை அளவும் அப்படியே. "10 செ.மீ. மழை" என்றால் பலருக்கும் விரல் நீளம்தான் ஞாபகம் வரும். ஒரு ஏக்கர் பரப்பில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர் தண்ணீர், அதாவது 9,000 லிட்டர் தண்ணி லாரி கிட்டத்தட்ட 45. அந்தத் தண்ணீர் போக வழி வேணும்னு அதுக்கப்புறம் யாருக்கும் தனியா விளக்க வேண்டாம். எண் எங்கிருந்து வந்தது, எந்தத் தேதிக் கணக்கு என்பதை அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இனி போன் திரை. நம்ம ஆட்களில் பெரும்பாலானவர்கள் இதை லேப்டாப்பில் திறக்க மாட்டார்கள். பவர்பாயின்ட் தானாகக் கொடுக்கும் பக்கம் 33.87 செ.மீ. அகலம். நிமிர்த்திப் பிடித்த போன் திரை சுமார் 7 செ.மீ. ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். நீங்கள் 24 பாயின்டில் அடித்த எழுத்து 5 பாயின்ட் ஆகிவிடும். புள்ளியும் கொம்பும் சுழியும் உள்ள தமிழ் எழுத்து அந்த அளவில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். போனைத் திருப்பிப் பிடிக்கலாமே என்பீர்கள். ரேஷன் வரிசையில் நிற்கிறவர் ஒரு கையில் பை வைத்திருக்கிறார், திருப்ப மாட்டார். பக்கத்தைத்தான் நாம் திருப்பணும். பவர்பாயின்டில் Design > Slide Size > Custom Slide Size போய் அகலம் 19.05, உயரம் 33.87 என்று கொடுங்கள். கூகுள் ஸ்லைட்ஸில் File > Page setup > Custom. அதில் 28 பாயின்டில் அடித்தால் போனில் ஏறத்தாழ 10 பாயின்ட், நாளிதழ் எழுத்து அளவு கிடைக்கும். ஒரு பக்கத்தில் 60, 70 சொல்லைத் தாண்டினால் இரண்டு பக்கமாகப் பிரித்துவிடுங்கள். ஸ்க்ரோல் பண்றது யாருக்கும் கஷ்டமில்லை.

அனுப்பும்போது பிடிஎஃப்பாக மாற்றி அனுப்புங்கள். பிபிடியாகவே போனால், உங்கள் எழுத்துரு அவர் போனில் இல்லாதபோது வரிகள் இடம் மாறி, படத்தின் மேல் ஏறிவிடும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால் இன்னும் மோசம். 'தமிழ்' என்று அடித்தது jkpo; என்று தெரியும். யூனிகோடில்தான் அடிக்கணும்.

பிடிஎஃப்பிலும் ரெண்டு பொறி உண்டு. ஒன்று அனிமேஷன். ஒன்றன் மேல் ஒன்றாக வந்து மறையும்படி வைத்த படங்கள் பிடிஎஃப்பில் ஒரே குவியலாக நிற்கும். படிப்படியாகக் காட்ட வேண்டியதைத் தனித்தனிப் பக்கமாக வையுங்கள். இன்னொன்று, பக்கத்துக்குக் கீழே Notes பகுதியில் எழுதியது வழக்கமான பிடிஎஃப்பில் வராது. பேசுவதற்கான குறிப்பை அங்கே வைத்துவிட்டு, அனுப்பிட்டோம்னு நிம்மதியா இருப்போம். அந்தக் குறிப்பில் இருப்பதுதான் பல நேரம் உண்மையான விளக்கம். அதைப் பக்கத்துக்குள் கொண்டு வாருங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை. இந்த விஷயம் தெரியாத ஒருவர், உங்க அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ, அவங்க போனிலேயே திறக்கச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல உட்காருங்க, ஆனா வாயைத் திறக்காதீங்க. இதுதான் கஷ்டம். எந்தப் பக்கத்தில் விரல் நிற்கிறது, எங்கே திரும்பிப் போகிறார், எங்கே விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன நடக்கப் போகுது? எப்போ? நீங்க என்ன செய்யணும்? "நல்லா இருக்குப்பா" என்று சொன்னால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். தேதியைத் தப்பாகச் சொன்னால் பக்கத்தில்தான் கோளாறு, அவரிடம் இல்லை.

மெயிலின் பொருள் வரியில் "Fwd: deck final 3" என்று போகக் கூடாது. "வடிகால் பணி: ஞாயிறு கூட்டத்துக்கு முன் படிக்கவும்" என்று தமிழில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் உள்ள மூன்று வரியை மெயிலுக்குள்ளும் ஒட்டிவிடுங்கள். இணைப்பைத் திறக்காதவருக்கும் செய்தி போய்ச் சேரும். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. அதுவரை போகவே வேண்டாம், டேட்டா தீர்ந்தவரை நினைத்துப் படங்களைச் சுருக்கி 2, 3 எம்பிக்குள் முடியுங்கள். கடைசிப் பக்கத்தில் சந்தேகம் கேட்க சங்கத்தில் ஒருவரின் எண், கூடவே தண்ணீர் தேங்கினால் அழைக்க மாநகராட்சியின் 1913.

மெயில் பார்க்காதவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதே பக்கங்களில் முதல் இரண்டை மட்டும் ஏ4 தாளில் அச்சடித்து, மாவு மில் சுவரிலும் ரேஷன் கடை வாசலிலும் ஒட்டுங்கள். நிமிர்ந்த பக்கம் என்பதால் தாளுக்கேற்பச் சுருக்கினால் பொருந்தும். சரி, இப்போ உங்க போன்ல இருக்கிற பழைய பிபிடி ஒண்ணைத் திறங்க. முதல் பக்கத்தை மட்டும் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கொடுங்க, எதுவும் சொல்லாதீங்க.