பணம் வாங்க ரகசிய எண் வேண்டாம்

பெங்களூரில் ஓர் அக்கா இருக்கிறார். சேலை முந்தானைக்குக் குச்சு கட்டத் தெரிந்தவர். ஒரு நாள் அவருடைய செல்போனுக்குச் செய்தி வந்தது.

"வீட்டிலிருந்தே பென்சில் அடுக்கும் வேலை. மாதம் முப்பதாயிரம் ரூபாய். பெயரைப் பதிய 650 ரூபாய் அனுப்புங்கள்."

அக்கா யோசித்தார். வேலை செய்கிறவருக்குத்தானே கூலி தர வேண்டும்? வேலைக்கு வருகிறவர் ஏன் பணம் கட்ட வேண்டும்? அவர் பணம் அனுப்பவில்லை. தனக்குத் தெரிந்த குச்சு வேலையையே செய்ய முடிவு செய்தார்.

முதலில் வங்கிக்குப் போய்த் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கினார். செல்போனில் பணம் வாங்குவதை அந்தக் கணக்கோடு மட்டும் இணைத்தார். அதில் கொஞ்சம் பணம்தான் வைத்திருப்பார். வீட்டுச் சேமிப்பு வேறு கணக்கில் பத்திரமாக இருக்கிறது.

பிறகு, கட்டிய குச்சுகளைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தார். தெரிந்தவர்கள் பார்க்கும்படி வாட்ஸ்அப்பில் போட்டார். அதில் வீட்டு முகவரி போடவில்லை.

விலையையும் கணக்குப் பார்த்தார். ஒரு சேலைக்கு நூல் 50 ரூபாய். மணி 40 ரூபாய். வேலை 3 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்றால் கூலி 180. மொத்தம் 270 ரூபாய். நூலும் மணியும் வாங்க 90 ரூபாயை முன்பணமாகக் கேட்டார்.

ஒரு நாள் தெரியாத ஒருவர் பேசினார். "பத்துச் சேலை இருக்கிறது. முன்பணம் அனுப்புகிறேன். இந்தக் கட்டப் படத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள். பணம் வந்துவிடும்" என்றார்.

அக்கா போடவில்லை. ஏன்?

பணம் நம் கணக்குக்கு வர ரகசிய எண் தேவையே இல்லை. பணம் வெளியே போகத்தான் அந்த எண் கேட்கும். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் அது கேட்கும். ஆனால் அதை நாமேதான் திறந்து பார்ப்போம். பிறர் சொல்லி அந்த எண்ணைப் போட்டால், நம் பணம்தான் போகும்.

"பணம் அனுப்பிவிட்டேன்" என்று சிலர் படம் காட்டுவார்கள். அது பொய்ப் படமாகவும் இருக்கலாம். அதனால் அக்கா தன் கணக்கைத் திறந்து பார்ப்பார். பணம் வந்திருந்தால்தான் சேலையைக் கொடுப்பார்.

ஒருவேளை ஏமாந்துவிட்டால்? வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். வங்கிக்கும் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்னால், பணம் கை மாறுவதற்குள் அதை நிறுத்த வழி உண்டு. நாள் கடந்தால் கடினம்.

இன்று வீட்டுக்குப் போனதும் 1930 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.