இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழுவினர் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மருத்துவ உதவி கேட்டு வருபவர்களின் கோப்புகளை நாங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். கண் சம்பந்தமான கோப்பு என்றால் அதில் பெரும்பாலும் ஒரு தாள் இருக்கும். நடுவில் ஒரு சிலுவைக் கோடு, அதைச் சுற்றி எண்கள், பக்கத்தில் சாம்பலும் கறுப்புமாக ஒரு வட்டப் படம். "ஃபீல்டு டெஸ்ட்" என்று நாம் சொல்லும் பார்வைப் புலச் சோதனையின் தாள் அது. "இந்தக் கறுப்பெல்லாம் பார்வை போன இடமா? கண் அழுத்தமா, இல்லை மூளையில் ஏதாவதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இன்று அந்தக் கறுப்பைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

முதலில் அந்தத் தாள் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். ஒரு கண்ணை மூடிவிட்டு, தாடையை ஒரு தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணம் போன்ற இடத்தின் நடுப் புள்ளியையே பார்க்கச் சொல்வார்கள். அங்கும் இங்கும் சிறு வெளிச்சம் மின்னும். தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வழக்கமாகச் செய்யும் 24-2 என்ற சோதனையில் 54 இடங்களில் வெளிச்சம் காட்டுவார்கள். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு மங்கலான வெளிச்சம் வரை தெரிகிறது என்பதை இயந்திரம் எண்ணாகக் குறிக்கிறது. தெரியாத இடம் கறுப்பாகிறது. இரண்டு புள்ளிகளுக்கு இடையில் உள்ள இடத்தை இயந்திரம் சோதிப்பதில்லை, பக்கத்து எண்களை வைத்து நிரப்பிவிடுகிறது. அதனால் கறுப்பின் ஓரம் அளந்து வரைந்த கோடு அல்ல, ஓர் உத்தேசம்.

கறுப்பைக் கண்டதும் பயப்படுவதற்கு முன், தாளின் மேல் பகுதியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 'ஃபிக்ஸேஷன் லாஸஸ்' என்று ஒரு வரி இருக்கும். கண் நடுப் புள்ளியை விட்டு எத்தனை முறை அலைந்தது என்பதன் கணக்கு அது. அதன் பக்கத்தில் இரண்டு பெருக்கல் குறிகள் விழுந்திருந்தால் அந்தச் சோதனையை அப்படியே நம்ப முடியாது. பலருக்கு முதல் சோதனை சரியாக வராது. பழகியபின் இரண்டாவது சோதனை நன்றாக வரும்.

வேறு சில போலிக் கறுப்புகளும் உண்டு. மேல் இமை தொங்கும் வயதானவர்களுக்குப் படத்தின் மேல் ஓரம் கறுக்கும். இமையை லேசாகத் தூக்கி டேப் ஒட்டிச் சோதித்தால் அது மறைந்துவிடும். சோதனை தொடங்கும்போது இயந்திரம் நான்கு இடங்களை முதலில் பார்க்கும். நோயாளி பாதியில் களைத்து அழுத்துவதை நிறுத்திவிட்டால் அந்த நான்கு இடங்கள் மட்டும் வெளுப்பாகவும் மற்றவை கறுப்பாகவும் நிற்கும். பார்க்க நாலிலைப் பூப் போல இருக்கும். அது நோய் அல்ல, களைப்பு. கண்புரை இருந்தால் படம் முழுக்கச் சீராக மங்கும்.

இன்னொன்று, ஒவ்வொரு கண்ணின் படத்திலும் ஒரு சின்னக் கறுப்பு இருந்தே தீரும். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்தில் பார்க்கும் செல்கள் கிடையாது. அதுதான் குருட்டுப் புள்ளி. வலக் கண் தாளில் அது நடுவிலிருந்து வலப் பக்கமும், இடக் கண் தாளில் இடப் பக்கமும் இருக்கும். அது உங்களுக்கும் எங்களுக்கும் எல்லோருக்கும் உண்டு.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும், மறுபடி சோதித்த பிறகும், அதே இடத்தில் கறுப்பு நின்றால் அது எந்தக் கோட்டில் போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சிலுவையில் இரண்டு கோடுகள் உள்ளன. ஒன்று படுக்கைக் கோடு, இன்னொன்று செங்குத்துக் கோடு.

கிளாக்கோமா என்ற கண் நீர் அழுத்த நோயில் கறுப்பு பெரும்பாலும் படுக்கைக் கோட்டில் நிற்கும். விழித்திரையின் நரம்பு இழைகள் நடுப்பார்வையைச் சுற்றி வில் போல வளைந்து பார்வை நரம்புக்குப் போகின்றன. மேலே உள்ளவை மேலேயே வளையும், கீழே உள்ளவை கீழேயே வளையும். ஒன்று மற்றதன் பக்கம் தாண்டாது. அதனால் ஒரு கட்டு இழைகள் பழுதானால் வில் போன்ற கறுப்பு தோன்றி, மூக்குப் பக்கம் படுக்கைக் கோட்டில் படி வெட்டினாற்போல நின்றுவிடும். ஒரு கண்ணில் மேலே இருக்கலாம், மற்றக் கண்ணில் கீழே இருக்கலாம், ஒரு கண்ணில் இல்லாமலே கூட இருக்கலாம்.

கறுப்பு செங்குத்துக் கோட்டில் கத்தி வைத்து வெட்டியது போல நின்றால், பழுது கண்ணில் இல்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டு கண்களின் நரம்புகளும் மூளையின் அடியில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஒவ்வொரு கண்ணிலும் வெளிப்பக்கத்தைப் பார்க்கும் இழைகள் அங்கே குறுக்கே கடந்து எதிர்ப்புறம் போகின்றன. அந்தச் சந்திப்பிற்குச் சற்றுக் கீழே பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. அதில் கட்டி வளர்ந்து கீழிருந்து முட்டினால், கடக்கும் இழைகள்தான் முதலில் நசுங்கும். வலக் கண்ணுக்கு வல மேல் மூலையும் இடக் கண்ணுக்கு இட மேல் மூலையும் முதலில் மங்கும். சந்திப்பையும் தாண்டி மூளைக்குள் பழுது இருந்தால், உதாரணமாகப் பக்கவாதத்தில், இரண்டு தாள்களிலும் ஒரே பக்கம் கறுக்கும்.

எங்களிடம் வந்த ஒருவரின் கோப்பைச் சொல்கிறோம். நாற்பத்தாறு வயது, மளிகைக் கடை வைத்திருப்பவர். கிளாக்கோமா என்று சொல்லி, பதினான்கு மாதமாகச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். மருந்துச் செலவுக்கு உதவி கேட்டு மகனோடு வந்தார். கோப்பில் கண் அழுத்தம் 17, 16 என்று இருந்தது. மருந்து தொடங்குவதற்கு முன் எடுத்ததும் 18தான். பொதுவாக 10 முதல் 21 வரை இயல்பு என்பார்கள். ஆனால் அழுத்தம் இயல்பாக இருந்தும் கிளாக்கோமா வருவதுண்டு, அதனால் இதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஃபீல்டு தாள்கள் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பின் அடித்துக் கிடந்தன. எங்கள் குழுவில் கண் பரிசோதகராக இருக்கும் சகோதரர் பின்னைப் பிரித்து, இடக் கண் தாளை இடப்பக்கமும் வலக் கண் தாளை வலப்பக்கமும் மேசையில் வைத்தார். இடத் தாளில் இட மேல் மூலை கறுப்பு, வலத் தாளில் வல மேல் மூலை கறுப்பு. இரண்டும் செங்குத்துக் கோட்டில் வந்து நின்றன. தனித்தனியே பார்த்தால் ஏதோ மேல்பக்க மங்கல் போலத்தான் தெரிந்தது. சேர்த்து வைத்ததும் ஒரே கறுப்பின் இரண்டு இறகுகள் போலத் தெரிந்தது.

"பாய், கடையில் பொருள் எடுக்கும்போது எதையாவது தட்டிவிடுகிறீர்களா?" என்று கேட்டோம். அவர் பேசுவதற்கு முன் மகன் சொன்னார்: "மேல் தட்டில் இருக்கிற டப்பாவையெல்லாம் அத்தா ரெண்டு பக்கமும் தட்டி விட்டுடுறாங்க. கவனக்குறைவுன்னு நாங்க திட்டிக்கிட்டு இருந்தோம்." ஒரு வருடமாக உடம்பு அசதி, அடிக்கடி தலைவலி என்றும் தெரிந்தது. முந்தைய வருடத் தாளையும் எடுத்துவரச் சொன்னோம். அதிலும் அதே இரண்டு மூலைகள், இன்னும் சிறியதாக.

நோய் என்னவென்று முடிவு சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. இரண்டு வருடத் தாள்களையும் சேர்த்து, நரம்பு சார்ந்த கண் பிரச்சினைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் அனுப்பினோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பிட்யூட்டரிக் கட்டி தெரிந்தது. இரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் மிக அதிகமாக இருந்தது. அந்த வகைக் கட்டிக்குப் பெரும்பாலும் முதலில் அறுவை தேவையில்லை, கேபர்கோலின் என்ற மாத்திரையிலேயே சுருங்கும். அவருக்கு வாரம் இருமுறை அந்த மாத்திரை கொடுத்தார்கள். சில வாரங்களில் கறுப்பு வெளுக்கத் தொடங்கியது. இன்று இடக் கண் தாள் கிட்டத்தட்ட சுத்தமாக இருக்கிறது. வலக் கண்ணின் மூலையில் ஒரு சாம்பல் திட்டு மட்டும் போகவில்லை. நெடுநாள் நசுங்கிய இழைகள் முழுக்கத் திரும்புவதில்லை.

எல்லாச் செங்குத்துக் கறுப்பும் இந்த வகைக் கட்டியாகவே இருக்காது. சில கட்டிகளை மூக்கு வழியாக அறுவை செய்து எடுக்க வேண்டியிருக்கும். எதுவானாலும், நரம்பு மெலிந்துபோகும் முன் கண்டுபிடித்தால் பார்வை திரும்பும் வாய்ப்பு அதிகம்.

மூளைக்குள் அழுத்தம் கூடுவது வேறு விஷயம். அதில் முதலில் கறுப்பு கோடு பார்த்து நிற்பதில்லை. இயல்பாகவே உள்ள குருட்டுப் புள்ளி, பெரும்பாலும் இரண்டு தாள்களிலும், பெரிதாகும். பார்வை நரம்பின் முனை வீங்குவதே காரணம். கவனிக்காமல் விட்டால் பிறகு வில் போன்ற கறுப்பும் மூக்குப் பக்க மங்கலும் வந்து, கிளாக்கோமா தாளைப் போலவே ஆகிவிடும். அப்போது தாள் மட்டும் போதாது. பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டுக் கண்ணுக்குள் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கிளாக்கோமாவில் நரம்பு முனை நடுவில் குழிந்திருக்கும், மூளை அழுத்தத்தில் மேலெழும்பி வீங்கியிருக்கும்.

உடல் எடை கூடிய இளம் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. முகப்பருவுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் வகை மாத்திரைகளாலும், வைட்டமின் ஏ அளவுக்கு மீறிச் சாப்பிடுவதாலும் சிலருக்கு வருவதுண்டு. படுத்தால் கூடும் தலைவலி, குனிந்து நிமிரும்போது சில நொடிகள் பார்வை இருண்டு திரும்புவது, நாடித் துடிப்போடு சேர்ந்து காதில் 'உஷ் உஷ்' என்ற சத்தம், பொருள்கள் இரண்டாகத் தெரிவது ஆகியவை இருந்து, தாளில் குருட்டுப் புள்ளியும் பெரிதாக இருந்தால் அடுத்த முகாம் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பழைய ஃபீல்டு தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள், வருடம் எழுதி வையுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இடக் கண் தாளை இடப்பக்கமும் வலக் கண் தாளை வலப்பக்கமும் வைத்து, "கறுப்பு படுக்கைக் கோட்டில் நிற்கிறதா, செங்குத்துக் கோட்டில் நிற்கிறதா?" என்று கேளுங்கள். கிளாக்கோமா உள்ளவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுச் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலானோருக்குத் தாளில் இருப்பது கிளாக்கோமாதான். அதில் போன பார்வை திரும்பாது, மிச்சமிருப்பதைக் காப்பது அந்த மருந்துதான்.

கோப்போடு எங்களிடம் வருபவர்கள் தாள்களைப் பின் அடிக்காமல் கொண்டு வாருங்கள்.