ஒன்பதாவது அட்டவணையும் நான்கு விடைகளும்



வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் பெயரில் ஓர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பகுதியில் டிஎன்பிஎஸ்சிக்கும் ரயில்வே தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகளோடு பேசினால், பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும். "சார், 2023 வரைக்கும் 106 சட்டத் திருத்தம் இருக்கு. எல்லாத்தையும் எப்படி மனப்பாடம் பண்றது?" பண்ண வேண்டாம் என்பதுதான் என் பதில். கொள்குறி வினாவில் சரியான விடை உங்கள் கண் முன்னாலேயே இருக்கிறது. கூடவே மூன்று தவறான விடைகளும் இருக்கின்றன. அந்த மூன்றையும் காரணத்தோடு தள்ளத் தெரிந்தால் போதும். அந்தக் காரணங்களை எங்கிருந்து எடுப்பது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை எந்தத் திருத்தத்தால் உருவாக்கப்பட்டது? விடைகள்: 1-ஆவது திருத்தம், 9-ஆவது திருத்தம், 42-ஆவது திருத்தம், 76-ஆவது திருத்தம்.

விடை உடனே ஞாபகத்துக்கு வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு இதில் எது நிச்சயமாகத் தெரியும்? 69 சதவீத இடஒதுக்கீடு தெரியும். மொத்த ஒதுக்கீடு 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இந்திரா சஹானி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1992-இல் சொன்னது. அதன்பின் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்துக்குப் பாதுகாப்பாக நாடாளுமன்றம் 1994-இல் அதை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. அப்படிச் சேர்த்ததுதான் 76-ஆவது திருத்தம். ஏற்கெனவே இருக்கும் அட்டவணையில்தானே ஒரு சட்டத்தைச் சேர்க்க முடியும்? ஆகவே அதை உருவாக்கியது 76 அல்ல. ஒரு விடை போயிற்று.

அடுத்தது 42. அது 1976, நெருக்கடி நிலைக் காலம். கேசவானந்த பாரதி வழக்கின் பெயரை எல்லோரும் படித்திருப்பீர்கள். தீர்ப்பு வந்தது 1973 ஏப்ரலில். அந்த வழக்கில், கேரள நிலச் சீர்திருத்தச் சட்டங்களை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்ததும் விவாதத்துக்கு உள்ளானது. 1973-லேயே வழக்காடப்பட்ட அட்டவணை 1976-இல் பிறந்திருக்க வழியில்லை. 42-ம் போயிற்று.

மிச்சம் 1-ம் 9-ம். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். கேள்வியில் 'ஒன்பதாவது' என்று வருகிறது, விடையிலும் 'ஒன்பது' இருக்கிறது, கை தானாக அங்கே போய்விடும். வினா தயாரிப்பவர் அந்த எண்ணை அங்கே வைத்ததே அதற்காகத்தான். அட்டவணையின் எண்ணுக்கும் திருத்தத்தின் எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பத்தாவது அட்டவணை வந்தது 52-ஆவது திருத்தத்தில், பதினோராவது வந்தது 73-ஆவதில். எண்ணை விட்டுவிட்டுக் காலத்தைப் பாருங்கள். ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்கள் சுதந்திரம் வந்த கையோடு வந்தவை. நீதிமன்றத்தில் அவை அடிபடாமல் காப்பதற்குத்தான் இந்த அட்டவணையே உண்டாக்கப்பட்டது. அந்த அவசரம் 1951-இன் அவசரம். 9-ஆவது திருத்தமோ 1960-இல் வந்தது, எல்லைப் பகுதியைப் பாகிஸ்தானுக்கு விட்டுக்கொடுப்பது பற்றியது. ஆகவே விடை 1-ஆவது திருத்தம்.

இந்த முதல் திருத்தத்தின் இன்னொரு பாதி நம் ஊர்க் கதை. சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்துக் கொடுத்த அரசாணை இருந்தது. வகுப்புவாரி அரசாணை என்பார்கள். அதை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. இரண்டே மாதத்தில், அதே ஆண்டு ஜூனில், முதல் திருத்தம் நிறைவேறிப் பிரிவு 15(4) சேர்ந்தது. பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தந்த பிரிவு அது. அப்போது சட்ட அமைச்சராக இருந்து நாடாளுமன்றத்தில் அந்தத் திருத்தத்துக்காக வாதாடியவர் அம்பேத்கர். வியாசர்பாடியில் கல்லூரி வாசலில் தினமும் பார்க்கிற பெயர் அது. இந்தக் கதை தெரிந்த ஒரு மாணவிக்கு, பிரிவு 15(4) எப்போது வந்தது என்று எப்படித் திருப்பிக் கேட்டாலும் தடுமாற்றம் வராது. 1951-ஐ ஒரு முனையிலும் 1994-ஐ இன்னொரு முனையிலும் ஊன்றிக்கொண்டால், நடுவில் வருவதை முன், பின் என்று பிரித்துத் தள்ளலாம்.

இப்போது நடுவில் இருக்கும் மிகக் கடினமான இடத்துக்கு வருவோம். 42-ஆவது, 44-ஆவது திருத்தங்கள். தேர்வில் இவை இரண்டையும் கலந்துதான் கேட்பார்கள். 42 வந்தது 1976-இல், இந்திரா காந்தி ஆட்சியில். 44 வந்தது 1978-இல், ஜனதா ஆட்சியில். ஒரு கூற்றைப் பார்த்ததும், இதை யார் விரும்பியிருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மக்களவையின் காலத்தை ஐந்திலிருந்து ஆறு ஆண்டாக நீட்டியது யார்? ஆட்சியில் நீடிக்க விரும்பியவர்கள், அதாவது 42. அதை மறுபடி ஐந்தாக்கியது 44. நெருக்கடி நிலைக்குக் காரணமாக 'உள்நாட்டுக் குழப்பம்' என்று இருந்ததை எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று இறுக்கியது யார்? நெருக்கடி நிலையில் சிறைக்குப் போய் வந்தவர்கள், அதாவது 44. இந்தக் கேள்வி பத்தில் எட்டு இடத்தில் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன்.

கைவிடும் இடங்கள் இரண்டைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதலாவது சொத்துரிமை. முகவுரையில் 'சமதர்ம' என்ற சொல்லைச் சேர்த்தது 42 என்பதால், சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்ததும் அதுவாகத்தான் இருக்கும் என்று நன்றாகப் படித்தவர்கள்கூட எழுதிவிடுகிறார்கள். எடுத்தது 44. அதன்பின் சொத்துரிமை பிரிவு 300அ-வில் வெறும் சட்ட உரிமையாக நிற்கிறது. இரண்டாவது கல்வி. 42-ஆவது திருத்தம் கல்வி, வனம் உள்ளிட்ட ஐந்து பொருள்களை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. 44 அதைத் திருப்பித் தரவில்லை. நீட் தேர்வைப் பற்றிய வாதங்களில் கல்வியை மாநிலப் பட்டியலுக்கு மீட்க வேண்டும் என்ற குரலை நீங்கள் இன்றும் கேட்கிறீர்கள் அல்லவா? அந்தக் குரல் இன்னும் ஒலிக்கிறது என்பதே 44 அதைத் தொடவில்லை என்பதற்குச் சாட்சி. தேர்வறையில் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கூற்று வகைக் கேள்விகளில் 'மட்டுமே', 'அனைத்து' போன்ற சொற்கள் வந்தால் அந்தக் கூற்று தவறு என்று ஒரு குறுக்குவழி சொல்லித்தரப்படுகிறது. 2013 குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் அது பலித்தது. திருத்த மசோதாவை மக்களவையில் மட்டுமே கொண்டுவர முடியும் என்பது ஒரு கூற்று. கூட்டாட்சித் தன்மையை மாற்றும் திருத்தத்துக்கு எல்லா மாநிலச் சட்டமன்றங்களும் ஒப்புதல் தர வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. மாநிலங்களவையிலும் மசோதாவைக் கொண்டுவரலாம், மாநிலங்களில் பாதி ஒப்புக்கொண்டால் போதும். ஆனால் அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, 'திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தில் மட்டுமே கொண்டுவர முடியும், மாநிலச் சட்டமன்றத்தில் முடியாது' என்று கேட்டால் அது முழுக்கச் சரி. 'மட்டுமே' என்ற சொல்லைப் பார்த்துத் தள்ளியவர் அங்கே மதிப்பெண்ணை இழப்பார். அந்தச் சொல்லைக் கண்டால் நின்று நிதானியுங்கள். கூற்றைத் தள்ளுவதற்குப் பிரிவு 368 என்ன சொல்கிறது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

எத்தனை விடைகளைத் தள்ளிய பிறகு துணிந்து குறிக்கலாம் என்பது தேர்வைப் பொறுத்தது. டிஎன்பிஎஸ்சி கொள்குறித் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவது வட்டம் ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு விடையைத் தள்ள முடிந்தாலும் அந்த வட்டத்துக்குப் போகாதீர்கள், மிச்சமுள்ள மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். ரயில்வேயின் என்டிபிசி தேர்வு அப்படி இல்லை. அங்கே ஒரு தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். பன்னிரண்டு கேள்விகளைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக மூன்று சரியாகும், ஒன்பது தவறாகும். வந்த மூன்று மதிப்பெண்ணும் போய்ச் சுழியம். ஒவ்வொன்றிலும் ஒரு விடையைத் தள்ளியிருந்தால் நான்கு சரி, எட்டுத் தவறு. கையில் நிற்பது ஒன்றே கால் மதிப்பெண்ணுக்குச் சற்று மேல். இரண்டைத் தள்ளியிருந்தால் ஆறு சரி, ஆறு தவறு, நான்கு மதிப்பெண் நிற்கும். என் ஆலோசனை இது: ரயில்வே தேர்வில் இரண்டைத் தள்ளிய கேள்விகளைத் தயங்காமல் குறியுங்கள். ஒன்றை மட்டும் தள்ளியவற்றைக் கடைசியில் நேரம் இருந்தால் பாருங்கள். எதையுமே தள்ள முடியாதவற்றைத் தொடாதீர்கள்.

தள்ளியது உண்மையில் தெரிந்து தள்ளியதா, தெரிந்ததுபோல் தோன்றியதா என்பதை வீட்டிலேயே சோதித்துவிடலாம். டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் பழைய வினாத்தாள்களும் விடைக் குறிப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் அரசியலமைப்புத் திருத்தம் பற்றிய கேள்விகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். சரியான விடையை உடனே குறிக்காமல், தவறான மூன்றுக்கும் பக்கத்தில் ஏன் தவறு என்று ஓர் ஆண்டையோ, ஓர் ஆட்சியையோ, ஒரு வழக்கையோ எழுதுங்கள். எழுத வராத இடங்களை வட்டமிட்டு வையுங்கள். இந்த வாரம் படிக்க வேண்டியவை அந்த வட்டங்கள்தான்.