பட்டி பார்த்த கதவையும் போட்டோ எடுங்க!

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட விஷயம் இது: செகண்ட் ஹேண்ட் கார் டீலருக்கு வெப்சைட் போட்டா, காரை எப்படிக் காட்டணும்?

ஒரு காட்சியை நினைச்சுப் பாருங்க. ராஜபாளையத்துல இருந்து ஒருத்தர் கார் பார்க்க சிவகாசிக்கு பஸ் ஏறி வர்றார். போட்டோவுல பளபளன்னு இருந்த கார், நேர்ல பார்த்தா ஒரு கதவு மட்டும் நிறம் லேசா மாறித் தெரியுது. அவ்வளவுதான். அதுக்கப்புறம் டீலர் இன்ஜினைப் பத்தி உண்மையே சொன்னாலும் அவர் நம்பமாட்டார்.

இதைத்தான் 1970-ல ஜார்ஜ் அக்கர்லோஃப்ங்கிற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வச்சே விளக்கினார். எது நல்ல கார்னு வாங்குறவருக்குத் தெரியலைன்னா, எல்லாக் காருக்கும் குறைச்சுத்தான் விலை கேட்பார். நல்ல கார் வச்சிருக்கவர் அந்த விலைக்கு விக்காம ஒதுங்கிடுவார்.

சரி, ஒரு காரை எடுத்துக்குவோம். 2017 மாடல் டீசல் ஸ்விஃப்ட், டி.என். 67 நம்பர், 82,000 கிலோமீட்டர் ஓடினதுன்னு வச்சுக்குங்க.

முதல்ல போட்டோ. காலை வெயில்ல, கழுவித் துடைச்சு காய்ஞ்ச பிறகு எடுங்க. ஈரமா இருந்தா கீறல் மறைஞ்சிடும். நாலு பக்கம், நாலு டயர், பானட்டுக்குள்ள, டிக்கி கார்ப்பெட்டுக்கு அடியில, இதே வரிசை எல்லாக் காருக்கும் இருக்கணும். டேஷ்போர்டுக்கு மட்டும் சின்ன வீடியோ எடுங்க. சாவி போட்டதும் எச்சரிக்கை விளக்குகள் எரியணும், ஸ்டார்ட் பண்ணதும் அணையணும். ஏதாவது ஒண்ணு அணையலைன்னா கோளாறா இருக்கலாம். இன்ஜின் விளக்கு முதல்லயே எரியலைன்னா, யாரோ அதைக் கழட்டியிருக்கலாம்.

அடுத்து, பரிசோதனை. "நல்ல கண்டிஷன்"னு எழுதாதீங்க, அளவை எழுதுங்க. பெயின்ட் தடிமன் பார்க்க ஒரு சின்ன மீட்டர் இருக்கு. கம்பெனி பெயின்ட் பொதுவா 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். நம்ம கார்ல மத்த இடமெல்லாம் 120, பின்கதவு மட்டும் 600ன்னா, அங்க பட்டி பார்த்திருக்காங்க. அந்தக் கதவை மீட்டரோட சேர்த்தே போட்டோ போடுங்க. சோதிச்ச தேதியையும் எழுதுங்க. மூணு மாசம் நின்ன கார்ல பேட்டரி இறங்கியிருக்கும்.

இப்ப விலை. குறையில்லாத இதே கார் 4,60,000ன்னு வச்சுக்குவோம். ரெண்டு டயர் மாத்த 10,000, கதவுக்காக 10,000 கழிச்சு 4,40,000. இந்தக் கணக்கு அப்படியே பக்கத்துல இருக்கட்டும். ஆர்.சி. பெயர் மாற்றச் செலவு யாருதுன்னும் சொல்லிடுங்க. பேரம் பேசுவாங்கதான், ஆனா எதுக்குக் குறைக்கணும்னு தெரிஞ்சு பேசுவாங்க.

கடைசியா, விசாரிக்கிற பட்டன். வாட்ஸ்அப் பட்டன்னா, எந்தக் கார்னு அதுவே சொல்லணும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Car%2014%20details
```

எக்ஸ் இருக்கிற இடத்துல உங்க நம்பர். அழுத்தினதும் கார் எண்ணோட மெசேஜ் தயாரா நிக்கும். கார் வித்துப் போச்சுன்னா அன்னைக்கே பட்டனை எடுத்துட்டு, "விற்றாச்சு"ன்னு போடுங்க. இல்லாத காருக்காக யாரும் பஸ் ஏறி வரக்கூடாது, இல்லையா?

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.