காரைக் கரட்டில் ஒரு நாள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன தை மாதம் நம் குழுக்களிலிருந்து பதினாலு பேர் ஒரு வேனில் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்கும் காரைக்கும் போய் வந்தோம். கோயில் இல்லை, அருவி இல்லை. கல் பார்க்கத்தான் போனோம். அடுத்து போக நினைப்பவர்களுக்காக அந்த அனுபவத்தைச் சொல்கிறோம்.

முதலில் சாத்தனூர். அங்கே சுமார் 60 அடி நீளத்தில் ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. தொட்டால் கல். 1940-இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்து சொன்னார். சுமார் 12 கோடி வருடத்துக்கு முந்தியது என்று அங்கே எழுதியிருக்கிறது. மரம் எப்படிக் கல்லாகும்? அந்தக் காலத்தில் இந்தப் பகுதி கடல். கரையிலிருந்த மரம் அடித்து வரப்பட்டு கடல் சேற்றில் புதைந்தது. காற்றுப் படாததால் மக்கவில்லை. மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த மணற்சத்து, மரத்தின் நுண்ணிய துளைகளுக்குள் புகுந்து கொஞ்சம் கொஞ்சமாக உறைந்து, மரத்தின் இடத்தையே பிடித்துக் கொண்டது. அதனால்தான் வடிவம் மரமாகவும் பொருள் கல்லாகவும் இருக்கிறது.

பார்த்தவுடன் ஒரு அக்கா, "ஏம்மா, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கிளையோடு இலையோடு மரம் நிற்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கிடப்பது அடிமரம் மட்டும். அவசரப்படாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அது கடலில் மிதந்து வந்த கதை அப்போதுதான் மனதில் ஏறும்.

அடுத்து காரை. மழைநீர் அரித்து அரித்து, மேடும் பள்ளமுமாக ஒரு பெரிய களிமண் கரடு. நிழல் கிடையாது. அதனால் காலை எட்டு மணிக்குள் இறங்கி பத்தரைக்குள் திரும்பிவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், பிடிப்புள்ள செருப்பு, தலைக்குத் துண்டு வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் சரிவில் இறங்க வேண்டாம். மேட்டு ஓரத்திலேயே பார்க்க நிறைய இருக்கிறது. மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், களிமண் வழுக்கும்.

அங்கே தரையில் பளபளவென்று மின்னுவதைப் பார்த்து எல்லோரும் ஓடினோம். அது ஜிப்சம். உயிரினம் இல்லை. நகத்தால் கீறினால் கோடு விழும். பிறகு ஒரு அம்மா, விரல் மாதிரி, தேன் நிறத்தில் ஒரு துண்டைக் காட்டினார். நகத்தால் கீறினோம், கோடு விழவில்லை. உடைந்த முனையைத் திருப்பிப் பார்த்தால், குறுக்கே வெட்டிய எலுமிச்சம்பழம் போல நடுவிலிருந்து சுற்றிலும் கோடுகள். அது பெலெம்னைட். கணவாய் மீனின் பழைய உறவு. அதன் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி. இரண்டு மணி நேரத்தில் பதினாலு பேரும் பார்த்தது இப்படி ஆறேழு துண்டுகள், சில சிப்பி ஓடுகள், அவ்வளவுதான். நத்தை போல முழுசாகச் சுருண்ட அம்மோனைட் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதைப் பிறகு வாரணவாசி அருங்காட்சியகத்தில்தான் பார்த்தோம். நீங்கள் கண்டகி ஆற்றுச் சாளக்கிராமம் பார்த்திருந்தால், அதுவும் அம்மோனைட்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2020-இல் குன்னம் அருகே மண் தோண்டும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று செல்போனில் பரவி, ஜனம் கூடிவிட்டது. அறிந்தவர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகி உருண்ட கல் என்றார்கள். கடலடியில் செத்த உயிரைச் சுற்றிச் சேறு அடுக்கடுக்காக இறுகினால் இப்படி உருண்டை ஆகும். முட்டை என்றால் மேலே மெல்லிய ஓடு தனியாகத் தெரிய வேண்டும். உருண்டையாக இருப்பது மட்டும் அடையாளம் ஆகாது. நம் ஊர் ஏரியில் இப்படி ஏதாவது வந்தால் உடைக்காமல், கிடந்த இடத்தோடு படம் எடுத்து வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள்.

கடைசியாக, எதையும் எடுத்து வராதீர்கள். சாத்தனூர் மரம் தேசிய புவியியல் நினைவுச் சின்னம், ஒரு சில்லுகூடத் தொடக்கூடாது. காரையிலும் நாங்கள் அந்தத் துண்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டோம். எந்த அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதைச் சொல்கிறார்கள். வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் கல்.

அந்த அம்மா வேனில் ஏறும்போது கேட்டார்: "நம்ம வயக்காட்டுக் கிணத்துல வர்ற சிப்பியும் இதுதானா?" அவர் ஊர் அரியலூர்ப் பக்கம். இருக்கலாம் அம்மா என்றோம். அடுத்த பயணம் அந்தக் கிணற்றடிக்குத்தான்.